இடியப்பச் சந்தையில் ஒரு கணக்கு: நிறைபோட்டியா, தனியுரிமையா?

சித்தியின் மகள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். பொருளியல், முதலாம் ஆண்டு. போன வாரம் ஓர் ஒப்படையைக் கொண்டுவந்து, "அண்ணா, இதை ஒருக்கா பாருங்கோ, எனக்கு எங்கேயோ பிழைக்குது" என்றாள். கேள்வி நல்ல கேள்வி. ஒரு பகுதியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழிலை இப்போது போல எல்லோருக்கும் திறந்துவிடுவதா, அல்லது அனுமதிப்பத்திரம் கொடுத்து ஒருவரிடம் மட்டும் ஒப்படைப்பதா? விலை, வெளியீடு, வினைத்திறன் மூன்றையும் ஒப்பிட்டு உள்ளூராட்சி சபைக்கு ஆலோசனை சொல்ல வேண்டும்.

அவள் எழுதியிருந்தது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த அதே அட்டவணை. நிறைபோட்டியில் விலை குறைவு, வெளியீடு கூட, வினைத்திறன் உண்டு. தனியுரிமையில் விலை கூட, வெளியீடு குறைவு, வினைத்திறன் இல்லை. ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய சரிதான். ஆனால் எவ்வளவு கூட, ஏன் கூட, அந்தக் கூடுதல் காசு யாரிடம் போகிறது, எந்த நிலைமையில் இந்த முடிவு தலைகீழாகும் என்று ஒன்றுமே அதில் இல்லை. ஆலோசனை கேட்டவருக்கு வேண்டியது அதுதானே. அதனால் கணக்கை முதலிலிருந்து இருவரும் சேர்ந்து போட்டோம். இதே கேள்வியோடு இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

இடியப்பம் இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிற பொருள். காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் எத்தனையோ வீடுகளில் விடியுமுன்பே இடியப்ப உரல் பிழியத் தொடங்கிவிடுகிறது. பத்து இடியப்பம் ஒரு பைக்கற்று. கடையில் வாங்குகிறவருக்கு இது எந்த வீட்டு இடியப்பம் என்று தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஓர் உரல், சில தட்டுகள், ஒரு ஸ்டீமர், ஒரு காஸ் சிலிண்டர் இருந்தால் நாளைக்கே இன்னொரு வீடும் தொடங்கலாம். விற்பவர் பலர், பொருள் ஒன்று, நுழையத் தடையில்லை. பாடப்புத்தக நிறைபோட்டிக்கு இவ்வளவு கிட்ட வரும் சந்தை கொழும்பில் அதிகமில்லை.

எந்த விலைக்குச் சனம் எத்தனை பைக்கற்று வாங்கும் என்பதுதான் கேள்வி; ஒப்படையில் கொடுத்திருந்த கேள்விச் சமன்பாடு இது. P என்பது ஒரு பைக்கற்றின் விலை, ரூபாவில். Q என்பது ஒரு நாளில் விற்கும் பைக்கற்றுகள்.

```
P = 300 − 0.2Q
```

செலவுப் பக்கத்தில் ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 50 பைக்கற்று அவிக்கும் அக்கா ஒருவருக்கு அரிசிமா 2,900 ரூபா, காஸ் 500, பையும் முச்சக்கர வண்டியும் 300, அவருடைய உழைப்புக்கான கூலி 1,300 என்று வையுங்கள். மொத்தம் 5,000. ஒரு பைக்கற்றுக்கு 100 ரூபா. தொகைகள் கணக்குக்காக எடுத்தவைதான். கவனிக்க வேண்டியது அந்த 1,300 ரூபாவை. அவர் வேறிடத்தில் வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கூலி அது. பொருளியலில் அதுவும் செலவு. இதை விட்டுவிட்டால் பின்னால் "இலாபம் பூச்சியம்" என்று வரும்போது, அப்படியானால் அந்த அக்கா எதைச் சாப்பிடுவார் என்று குழம்பிப்போவோம். கூலி உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் மிகுதி இல்லை, அவ்வளவுதான்.

50 பைக்கற்றுக்குக் குறைவாக அவித்தால் ஒரே ஸ்டீமரைச் சூடாக்கிய காஸ் குறைந்த பைக்கற்றுகளில் பங்குபோகும், சராசரிச் செலவு ஏறும். கூட அவித்தால் இரண்டாவது ஸ்டீமரும் கைக்கு ஓர் ஆளும் வேண்டும், இரவு ஒரு மணிக்கே எழும்ப வேண்டும், அப்போதும் ஏறும். ஆகவே 50 என்பது அந்த வீட்டின் சராசரிச் செலவு வளையி ஆகக் கீழே தொடும் இடம். எல்லா வீடுகளும் இப்படித்தான் என்றால், விலை 100 ரூபாவுக்கு மேலே போனவுடன் புதிய வீடு ஒன்று உள்ளே வரும். 100க்குக் கீழே இறங்கினால் ஒரு வீடு உரலைக் கழுவிக் கவிழ்த்துவிடும். நீண்டகாலத்தில் விலை 100இல் நிற்பதற்குக் காரணம் இந்த வரவும் போக்கும்தான். தனித்தனியாக ஒவ்வொரு அக்காவும் விலையை ஏற்பவர். 105 ரூபா கேட்டால் கடைக்காரர் அடுத்த வீட்டுப் பைக்கற்றை எடுப்பார். 95க்குக் கொடுக்க அவருக்கு அவசியமே இல்லை, ஏனென்றால் 100க்கு அவிக்கிற எல்லாமே விற்றுப்போகிறது.

விலை 100 என்றால் சமன்பாட்டில் Q = 1,000. அதாவது 20 வீடுகள், வீட்டுக்கு 50 பைக்கற்று. நிறைபோட்டிப் பக்கம் முடிந்தது.

இப்போது சபை ஓர் அனுமதிப்பத்திரத்தை ஒருவருக்கு மட்டும் கொடுக்கிறது. மற்றவர்கள் கடைக்கு விற்கக்கூடாது. அனுமதி பெற்றவர் அதே வீடுகளில் சிலவற்றை வைத்து, அதே 100 ரூபாச் செலவில்தான் அவிக்கிறார். சனமும் அதே சனம், கேள்வியும் அதே கேள்வி. ஒப்பீட்டில் இந்த இடம் முக்கியம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விற்பவரின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால்தான் வருகிற வித்தியாசம் சந்தை அமைப்பால் வந்தது என்று சொல்ல முடியும். ஒரு பக்கம் இடியப்பத்தையும் மறுபக்கம் மின்சாரத்தையும் வைத்து ஒப்பிட்டு எழுதப்பட்ட ஒப்படைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

தனி ஒருவர் விற்கும்போது மாறுவது ஒரே ஒரு விஷயம். இன்னொரு பைக்கற்று கூட விற்க வேண்டுமென்றால் விலையைச் சற்றுக் குறைக்க வேண்டும், குறைத்த விலை முன்பு விற்றுக்கொண்டிருந்த எல்லாப் பைக்கற்றுக்கும் பொருந்தும். அதனால் எல்லை வருமானம், அதாவது இன்னொரு பைக்கற்றை விற்பதால் கூடும் வருமானம், விலையைவிடக் கீழே விழுகிறது. நேர்கோட்டுக் கேள்வி வளையிக்கு அது இரட்டைச் சரிவோடு இறங்கும்:

```
MR = 300 − 0.4Q
```

சமன்பாட்டை எழுதிவிட்டு நகராமல், 500ஆவது பைக்கற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். 500 விற்க விலை 200 ரூபா, வருமானம் 100,000. 501 விற்க விலை 199.80, வருமானம் 100,099.80. அந்த ஒரு பைக்கற்றை வாங்குகிறவர் கொடுப்பது 199.80. ஆனால் விற்பவரின் கையில் கூடுவது 99.80 மட்டும். மிச்சம் 100 ரூபா எங்கே? முன்பு 200 கொடுத்த 500 பேருக்கும் 20 சதம் குறைத்ததில் போய்விட்டது. அவிக்க 100 ரூபா செலவு, வருவதோ 99.80. ஆகவே அவர் 500இல் நிறுத்துகிறார். வாங்க ஆள் இருக்கிறது, அந்த ஆள் செலவைப்போல இரண்டு மடங்கு கொடுக்கத் தயார், ஆனாலும் அந்தப் பைக்கற்று அவிக்கப்படாது. தனியுரிமை பற்றிய பாடம் முழுவதும் இந்த ஒரு பைக்கற்றுக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

தங்கச்சியின் பிழையும் இங்கேதான். எல்லை வருமானமும் எல்லைச் செலவும், அதாவது இன்னொரு பைக்கற்றை அவிக்கும் செலவும், வெட்டும் இடத்தில் இரண்டும் 100 ரூபா. அவள் அந்த 100ஐயே தனியுரிமையாளரின் விலை என்று எழுதிவிட்டு, "இரண்டு சந்தையிலும் விலை ஒன்றாக வருதே அண்ணா" என்று கேட்டாள். வெட்டும் புள்ளி அளவைத்தான் சொல்லும். அங்கிருந்து நேரே மேலே போய்க் கேள்வி வளையியைத் தொடும் இடத்தில்தான் விலையை வாசிக்க வேண்டும். 500 பைக்கற்றுக்குக் கேள்வி வளையி காட்டும் விலை 200. வரைபடத்தில் அந்த நிலைக்குத்துக் கோட்டை அழுத்தமாக வரையச் சொன்னேன். உங்கள் விடையில் தனியுரிமை விலையும் போட்டி விலையும் ஒன்றாக வந்தால், முதலில் இந்தக் கோட்டைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. "தனியுரிமையாளர் விரும்பிய விலையை விதிப்பார்" என்று எழுதுவது. அவர் விரும்பினால் 280 விதிக்கலாம்தான், ஆனால் 100 பைக்கற்றுத்தான் போகும், இலாபம் 18,000. சில அளவுகளுக்கான கணக்கைக் கீழே பாருங்கள்.

| பைக்கற்று | விலை (ரூபா) | வருமானம் | செலவு | இலாபம் |
|---|---|---|---|---|
| 400 | 220 | 88,000 | 40,000 | 48,000 |
| 500 | 200 | 100,000 | 50,000 | 50,000 |
| 600 | 180 | 108,000 | 60,000 | 48,000 |
| 750 | 150 | 112,500 | 75,000 | 37,500 |
| 1,000 | 100 | 100,000 | 100,000 | 0 |

விலை 220 ஆனாலும் 180 ஆனாலும் இலாபம் குறைகிறது. வருமானம் ஆகக் கூடுவது 750இல், ஆனால் அவர் தேடுவது வருமானத்தை இல்லை, இலாபத்தை. அவருடைய கையைக் கட்டி வைத்திருப்பது சனத்தின் கேள்வி. 200 ரூபாவுக்கு மேல் ஏற்றினால் சனம் பாணுக்கு மாறிவிடும். 1934இல் பொருளியலாளர் அபா லேர்னர் கொடுத்த அளவுகோல் இதைச் சுருக்கமாகப் பிடிக்கிறது. விலைக்கும் எல்லைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை விலையால் வகுத்தால் நமக்கு 0.5 வருகிறது. இலாபத்தை உச்சப்படுத்தும் நிறுவனத்துக்கு அது கேள்வி நெகிழ்ச்சியின், அதாவது விலை ஒரு வீதம் ஏறினால் கேள்வி எத்தனை வீதம் குறையும் என்பதன், தலைகீழாக இருக்கும். இந்தப் புள்ளியில் நெகிழ்ச்சி 2, அதன் தலைகீழ் 0.5. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கில் பிழையில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நிறைபோட்டியில் இந்த அளவு பூச்சியம்.

சரி, விலையும் வெளியீடும் ஆயிற்று. விலை இரண்டு மடங்கு, அளவு பாதி. இனி வினைத்திறன். ஒப்படையில் பலர் இரண்டு வரியில் கடந்துபோகும் பகுதி இதுதான், ஆனால் தீர்ப்பைத் தீர்மானிப்பதும் இதுதான்.

நிறைபோட்டியில் நுகர்வோர் மிகை, அதாவது கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் கூட்டுத்தொகை, ஒரு முக்கோணம். அடி 1,000, உயரம் 200, பரப்பு 100,000 ரூபா. தனியுரிமை வந்ததும் அந்த ஒரு இலட்சம் மூன்றாக உடைகிறது. 25,000 வாங்குபவர்களிடமே தங்குகிறது. 50,000 தனியுரிமையாளரின் இலாபமாக மாறுகிறது. மிச்சம் 25,000 யாருக்கும் கிடைக்காமல் மறைந்துவிடுகிறது. கூட்டிப் பாருங்கள், சரியாக ஒரு இலட்சம் வரும். வராவிட்டால் எங்கோ ஒரு பரப்பை இரண்டு தரம் எண்ணியிருக்கிறீர்கள்.

அந்த 50,000ஐ "சமூகத்துக்கு நட்டம்" என்று தங்கச்சி எழுதியிருந்தாள். எனக்கும் அந்த இலாபத்தில் விருப்பமில்லை, ஆனால் கணக்கின்படி அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன காசு. அது நியாயமா என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகவே கேட்க வேண்டும். உண்மையான நலன் இழப்பு மற்ற 25,000. 150 ரூபா கொடுக்கத் தயாராக இருக்கும், போர்டிங்கில் தங்கியிருக்கும் ஒரு பொடியனை நினையுங்கள். 100 ரூபாவில் அவிக்கக்கூடிய பைக்கற்று, 150 கொடுக்க ஓர் ஆள், நடுவில் 50 ரூபா நன்மை. விலை 200 என்பதால் அவன் வாங்கவில்லை. அவனுக்கும் நன்மை இல்லை, அவிப்பவருக்கும் இல்லை. 501ஆவது பைக்கற்றிலிருந்து 1,000ஆவது வரை இப்படி நடக்காமல்போன கொடுக்கல்வாங்கல்களின் மொத்தம்தான் அந்த முக்கோணம். விலை எல்லைச் செலவுக்குச் சமமாக இருக்கும்போது மட்டும் இது பூச்சியமாகும். ஒதுக்கீட்டு வினைத்திறன் என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

உற்பத்தி வினைத்திறனில் புத்தகத்தோடு நான் சற்று வாதாடுவேன். தனியுரிமையாளர் சராசரிச் செலவின் ஆகக் குறைந்த புள்ளியில் உற்பத்தி செய்வதில்லை, ஆகவே உற்பத்தி வினைத்திறன் இல்லை என்று பொதுவாக எழுதுவோம். ஒரே ஓர் ஆலையை வைத்து வரைந்த படத்தில் அது பெரும்பாலும் சரி. ஆனால் நம் கணக்கில் தனியுரிமையாளர் என்ன செய்கிறார்? 500 பைக்கற்று வேண்டும். 20 வீடுகளில் பத்தை மூடிவிட்டு மற்றப் பத்திலும் வீட்டுக்கு 50 பைக்கற்று அவிப்பிக்கிறார். ஒவ்வொரு வீடும் இன்னும் 100 ரூபாவில், ஆகக் குறைந்த சராசரிச் செலவிலேயே இருக்கிறது. அவிக்கும் முறையில் வீண்செலவு இல்லை. அவிக்காமல் விட்டதில்தான் இழப்பு. ஆகவே இந்த ஒப்படையில் "உற்பத்தி வினைத்திறன் இல்லை" என்ற வரியை எழுதினால் நம் எண்களே அதை மறுக்கும். அதை வெட்டச் சொன்னேன்.

அதற்குப் பதிலாக எழுத இரண்டு நல்ல கருத்துகள் இருக்கின்றன. 1966இல் ஹார்வி லீபன்ஸ்டைன் சுட்டிக்காட்டியது, போட்டியின் நெருக்குதல் இல்லாத இடத்தில் செலவே மெல்ல ஊறி ஏறும் என்பது. மா சிந்தினாலும், காஸ் வீணாக எரிந்தாலும், 200 ரூபா விலை அதை மூடிவிடும். நிறைபோட்டி அக்கா ஒருவர் 103 ரூபாச் செலவில் அவித்தால் அந்த மாதமே அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, 1967இல் கோர்டன் டலக் எழுப்பிய கேள்வி. நாளொன்றுக்கு 50,000 ரூபா தரும் அனுமதிப்பத்திரத்தைப் பிடிக்கவும் காக்கவும் ஒருவர் எவ்வளவு செலவழிப்பார்? 50,000 வரைக்கும் செலவழிப்பது அவருக்குக் கட்டும். ஆட்களைப் பிடிப்பதற்கும் அலைந்து திரிவதற்கும் வழக்காடுவதற்கும் போகும் அந்த உழைப்பு ஓர் இடியப்பத்தையும் தராது. அப்படி நடந்தால் கைமாறிய காசு என்று நாம் ஒதுக்கி வைத்த பகுதியும் இழப்பாக மாறி, மொத்தம் 75,000 வரை போகலாம். 1954இல் ஆர்னல்ட் ஹார்பகர் அமெரிக்க உற்பத்தித் துறைக்கு முக்கோணத்தை மட்டும் அளந்தபோது, இழப்பு தேசிய வருமானத்தில் 0.1 வீதம் அளவில்தான் வந்தது. டலக்கின் வாதம் அந்தச் சிறிய எண்ணுக்கு ஒரு பதிலாகத்தான் எழுந்தது.

அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் ஒப்படையில் ஒரு பந்தி எழுதச் சொன்னேன். இடியப்பத்தில் தனியுரிமை ஒரு வாரம்கூட நிற்காது. 200 ரூபா விலையைப் பார்த்த ஒருவர் 180க்கு அவித்துக்கொண்டு வருவார், அப்புறம் இன்னொருவர் 160க்கு. நுழைவுத் தடைதான் தனியுரிமையின் முதுகெலும்பு. அந்தத் தடை எதனால் வந்தது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். இலங்கையில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்கான உரிமை 2002 ஆகஸ்ட் வரை ஒரே நிறுவனத்திடம் இருந்தது. தடை, உரிமத்தில் எழுதியிருந்த ஒரு விதி. வெள்ளவத்தைக் கொமியூனிகேசன் கடைகளில் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, கனடாவில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கண்ணை மீற்றரில் வைத்திருந்த தலைமுறைக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். அந்த விதி முடிந்து 2003இல் பல நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்ததும் கட்டணம் இறங்கியது. காகிதத்தால் வந்த தடையைக் காகிதத்தாலேயே எடுக்கலாம்.

இந்த இடத்தில் தங்கச்சி கேட்ட கேள்விதான் ஒப்படையில் ஆகச் சிறந்த பகுதியாக வந்தது. "ஒருவர் பெரிய மெசின் போட்டு மலிவாக அவித்தால்? அப்ப விலை குறையாதா?"

குறையும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. நேர்கோட்டுக் கேள்வியில் தனியுரிமையாளரின் விலை, கேள்வி வளையி விலை அச்சைத் தொடும் 300க்கும் எல்லைச் செலவுக்கும் நட்டநடுவில் நிற்கும். செலவு 10 ரூபா குறைந்தால் விலை 5 ரூபாதான் குறையும். மெசின் இடியப்பத்தை ஒரு சதமும் செலவில்லாமல் பிழிந்து தள்ளினாலும் அவர் கேட்கும் விலை 150. போட்டி விலையான 100ஐ அவர் ஒருநாளும் தொடமாட்டார். ஆகவே "பெரிய அளவில் செய்தால் நுகர்வோருக்கு மலிவு" என்ற வாதம் இந்தச் சந்தையில் எந்தச் செலவிலும் நிற்காது.

ஆனால் மொத்த நலனைப் பார்த்தால் கதை வேறு. செலவு 69 ரூபா அளவுக்கு இறங்கினால் அவர் ஏறத்தாழ 577 பைக்கற்றை 184 ரூபா 50 சதத்துக்கு விற்பார். இலாபம் சுமார் 66,700, நுகர்வோர் மிகை சுமார் 33,300. கூட்டினால் ஒரு இலட்சம், போட்டிக் காலத்து அதே தொகை. செலவு 69க்கும் கீழே போனால் மொத்த நலன் போட்டியைத் தாண்டிவிடும். காரணம் எளிது. நலன் இழப்பு, விடுபட்ட பைக்கற்றுகளில் மட்டும் வருகிறது, செலவு மிச்சமோ அவிக்கிற ஒவ்வொரு பைக்கற்றிலும் வருகிறது. 1968இல் ஒலிவர் வில்லியம்சன் நிறுவனங்கள் இணைவதைப் பற்றி எழுதியபோது எடுத்துக்காட்டிய கணக்கு இதுதான்.

ஆகவே சபைக்குச் சொல்லும் ஆலோசனையை அவள் இரண்டாகப் பிரித்தாள். அனுமதி கேட்பவர் செலவை 31 ரூபாவுக்கு மேல் குறைப்பார் என்று காட்ட முடியாவிட்டால் திறந்த சந்தைதான், விலை, அளவு, வினைத்திறன் மூன்றிலும் அதற்கே வெற்றி. காட்ட முடிந்தால், மொத்தம் கூடுகிறது, ஆனால் இடியப்பம் வாங்கும் சனத்திடம் ஒரு இலட்சத்துக்குப் பதில் 33,300தான் மிஞ்சுகிறது. அதை ஏற்பதா இல்லையா என்பதைப் பொருளியல் தீர்மானிக்காது, சபைதான் தீர்மானிக்க வேண்டும். என் அபிப்பிராயத்தைக் கேட்டாள். அப்படி மலிவாக அவிக்கத் தெரிந்தவருக்கு அனுமதிப்பத்திரம் எதற்கு, திறந்த சந்தையிலேயே வந்து 95க்கு விற்று எல்லோரையும் வெல்லட்டும் என்றேன்.

இந்த வாதம் செல்லாத இடமும் உண்டு. குழாய்நீர். ஒரே ஒழுங்கையில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு குழாய் புதைத்தால், புதைத்த செலவு இரண்டு மடங்கு, தண்ணீர் அதே அளவு. ஒருவர் கொடுப்பதே மலிவாக முடியும். அங்கே போட்டி விலையான எல்லைச் செலவை விதித்தால் இன்னொரு லீற்றரை அனுப்பும் சிறு செலவு மட்டும்தான் கிடைக்கும், குழாய்க்குப் போட்ட பணம் திரும்பாது. அதனால்தான் இயற்கைத் தனியுரிமையில் அரச சபையோ ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோ சராசரிச் செலவை ஒட்டி விலையைப் பிடித்து வைக்கப் பார்க்கிறது. இடியப்ப உரலுக்கு அந்த நியாயம் பொருந்தாது. நாளுக்கு 50 பைக்கற்றிலேயே செலவு ஆகக் கீழே வந்துவிடுகிறது, சந்தையோ 1,000 பைக்கற்று. ஆகக் குறைந்த செலவில் இயங்கும் அளவையும் சந்தையின் அளவையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தச் சந்தை எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடைசியாக அவள் இன்னொரு வழியைக் கொண்டுவந்தாள். சபை அந்த அனுமதிப்பத்திரத்தை ஏலத்தில் விட்டால் என்ன? இலாபம் முழுவதும் சபைக்கு வந்துவிடுமே, அதைச் சனத்துக்குச் செலவழிக்கலாமே என்றாள். நல்ல யோசனைதான். போட்டி போட்டு ஏலம் எடுப்பவர் நாளொன்றுக்கு 50,000 வரை கொடுப்பார். ஆனால் அது எத்தனை பைக்கற்று அவித்தாலும் மாறாத நிலையான செலவு. எல்லைச் செலவு அதே 100, எல்லை வருமானம் அதே கோடு. ஆகவே விலை 200, அளவு 500. பெட்டியில் 50,000 வந்து விழும். அந்தப் பொடியன் அன்றைக்கும் பாண்தான் வாங்குவான்.